40 பக்கத் திட்டத்தை ஒரே பக்கத்தில் சொல்வது எப்படி?

வியாழக்கிழமை மாலை 6 மணி. வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறீர்கள். மேலாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.

"அந்தக் கிடங்குப் புரொபோசல் 40 பக்கம் இருக்கு. நாளைக்குக் காலையில 9 மணிக்கு மீட்டிங். ஒரு பக்கத்துல சுருக்கிக் கொடுத்துடுங்க."

அவர் சோம்பேறி அல்லர். கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் சுமார் 400 சொற்கள் என்றால் 40 பக்கத்தில் 16,000 சொற்கள். வேகமாகப் படித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் மேசையில் அன்று அதுபோல இன்னும் நான்கு கோப்புகள் இருக்கலாம். உங்கள் ஒரு பக்கத்தை அவர் இரண்டு நிமிடத்தில் படிப்பார். பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

அதாவது, நீங்கள் எழுதும் ஒரு பக்கத்தை நம்பி ஒரு பெரிய தொகைக்குக் கையெழுத்து விழப்போகிறது. அதில் எது இருக்கவேண்டும், எது இருக்கக்கூடாது? ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

முதலில், இது முன்னுரை அல்ல

எக்ஸிகியூட்டிவ் சம்மரி என்றதும் பலர் செய்வது இதுதான்: ஒவ்வொரு அத்தியாயத்திலிருந்தும் இரண்டு வரி எடுத்து வரிசையாக ஒட்டுவது. முதலில் நிறுவனத்தின் பின்னணி, அடுத்து திட்டத்தின் நோக்கம், பிறகு ஆய்வு செய்த முறை. பணம் எவ்வளவு என்பது கடைசி வரியில் வரும்.

இப்படி எழுதினால் கிடைப்பது 40 பக்கத்தின் குட்டி நகல். படிப்பவர் கேள்விக்குப் பதில் அதில் இருக்காது.

முன்னுரை, "உள்ளே என்ன இருக்கிறது" என்று சொல்லும். நிர்வாகச் சுருக்கம், "நீங்கள் என்ன முடிவெடுக்கவேண்டும், ஏன்" என்று சொல்லும். உள்ளே இருக்கும் பக்கங்களைத் திறக்காமலேயே ஒருவர் சரி அல்லது வேண்டாம் என்று சொல்ல முடியவேண்டும். அதுதான் அதன் வேலை.

இது புதிய தொல்லையும் அல்ல. 1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி, இரண்டாம் உலகப் போரின் நடுவில், பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் தம் அமைச்சரவைக்குச் "சுருக்கம்" என்ற தலைப்பிலேயே ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகள் மிக நீளமாக இருக்கின்றன, முக்கியமானதைச் சிறு பத்திகளில் சொல்லுங்கள், விரிவான புள்ளிவிவரங்களைப் பின்னிணைப்பில் வையுங்கள் என்பதே அதன் சாரம். அந்தக் குறிப்பும் ஒரே பக்கம்தான்.

நம் உதாரணம்: ஜூரோங்கில் ஒரு கிடங்கு

இது கற்பனைக் கிடங்கு. ஆனால் இதில் வரும் சிக்கல்களைக் கிடங்கில் வேலை செய்த யாரும் உடனே அடையாளம் காண்பார்கள்.

ஒரு நிறுவனம் உணவகங்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் பொருள் அனுப்புகிறது. மாதம் சுமார் 6,000 ஆர்டர்கள். ஊழியர்கள் தாளில் அச்சிட்ட பட்டியலைப் பார்த்து, அலமாரியிலிருந்து பொருளை எடுத்து, பேனாவால் 'டிக்' போடுகிறார்கள். ஒரே மாதிரி பெட்டி, ஒரே நிறம், 5 கிலோவுக்குப் பதில் 10 கிலோ. மாதம் 150 ஆர்டர்கள் தவறாகப் போகின்றன. வேன் திரும்பப் போகவேண்டும், ஓட்டுநர் நேரம் வீண், சில பொருள்கள் கெட்டுப்போகும். தவறு ஒன்றுக்கு ஏறக்குறைய 60 வெள்ளி இழப்பு.

40 பக்கத் திட்டம் சொல்வது: தாளை விடுவோம், பார்கோடு ஸ்கேனர் வைத்த கைக்கருவிகள் வாங்குவோம். தவறான பொருளை எடுத்தால் கருவி அங்கேயே 'பீப்' என்று சொல்லிவிடும்.

படி 1: அவர் எதற்குச் சரி சொல்லவேண்டும்?

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "மேலாளர் இதைப் படித்த பிறகு என்ன செய்யவேண்டும்?"

"கிடங்கின் நிலையைப் புரிந்துகொள்ளவேண்டும்" என்று எழுதினால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். புரிந்துகொள்வது செயல் அல்ல.

"120,000 வெள்ளிக்கு இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் ஒப்புதல் தரவேண்டும்" என்பது செயல். தொகை, தேதி, தேவையான கையெழுத்து மூன்றும் அதில் வந்துவிட்டன. அந்த வாக்கியம்தான் உங்கள் பக்கத்தின் முதல் வரி.

இது நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் நலம் விசாரித்து, காப்பி குடித்து, கிளம்பும்போது வாசலில் நின்று "ஒரு சின்ன உதவி" என்று ஆரம்பிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எடுத்தவுடனே பணம் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். ஆனால் அலுவலகத் தாளில் அந்த வாசல் பேச்சை முதல் வரிக்குக் கொண்டுவருவதுதான் படிப்பவருக்குத் தரும் மரியாதை. இல்லையென்றால், "இவர் எதைக் கேட்கிறார்?" என்று தேடிக்கொண்டே அவர் பக்கம் முழுவதையும் படிக்கவேண்டியிருக்கும்.

படி 2: பின்னாலிருந்து படியுங்கள்

40 பக்கத்தையும் நீங்கள் படித்தாகவேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். செலவு அட்டவணை, ஒப்பந்த விதிகள், இடர்கள், பின்னிணைப்பு ஆகியவற்றை முதலில் படியுங்கள். திட்டம் எழுதுபவர்கள் ஆசைகளை முன்னாலும் நிபந்தனைகளைப் பின்னாலும் வைப்பது வழக்கம்.

படிக்கும்போது ஒவ்வோர் எண்ணையும் அதன் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் அந்தத் தாள் இப்படி இருக்கும்:

- பக்கம் 8: மாதம் 150 தவறுகள், ஒன்றுக்கு 60 வெள்ளி
- பக்கம் 19: தவறுகள் 30ஆகக் குறையும் (விற்பனையாளர் சொன்னது)
- பக்கம் 31: தொடக்கச் செலவு 120,000 வெள்ளி. 17 மாதத்தில் பணம் திரும்பும்
- பக்கம் 33: மென்பொருள் சந்தா ஆண்டுக்கு 24,000 வெள்ளி
- பக்கம் 36: சோதனைக் கட்டத்துக்குப் பிறகு விலகலாம். அதுவரை செலவு 35,000 வெள்ளி

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். மாதம் 120 தவறுகள் குறைந்தால், தலா 60 வெள்ளி, 7,200 வெள்ளி மிச்சம். ஆண்டுக்கு 86,400. தொடக்கச் செலவு 120,000ஐ அதால் வகுத்தால் 1.39 ஆண்டு, அதாவது சுமார் 17 மாதம். 31ஆம் பக்கம் சொல்வது சரிதான்.

சரியா? 33ஆம் பக்கத்தை மறுபடி பாருங்கள்.

ஆண்டுதோறும் கட்டவேண்டிய 24,000 வெள்ளிச் சந்தாவை 31ஆம் பக்கக் கணக்கில் யாரும் கழிக்கவில்லை. அதைக் கழித்தால் உண்மையான மிச்சம் ஆண்டுக்கு 62,400 வெள்ளி. பணம் திரும்ப ஆகும் காலம் 17 மாதம் அல்ல, 23 மாதம்.

யாரும் ஏமாற்றவில்லை. தொடக்கச் செலவை ஒருவர் எழுதியிருப்பார், நடப்புச் செலவை வேறொருவர் எழுதியிருப்பார். நடுவில் ஒரு பக்கம் இருந்ததால் இரண்டும் சந்திக்கவில்லை. 40 பக்கத்தில் இது ஒளிந்துகொள்ளும். ஒரே பக்கத்தில் இரண்டு எண்ணும் அடுத்தடுத்த வரியில் வந்துவிடும், ஒளிய இடமிருக்காது. சுருக்கம் எழுதுபவர்தான் பல நேரங்களில் திட்டத்தின் ஓட்டையை முதலில் பார்ப்பார்.

ஓட்டையைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது?

இரண்டு தவறான வழிகள் உண்டு. ஒன்று, "நான் சுருக்கத்தான் சொன்னாங்க" என்று 17 மாதத்தை அப்படியே எழுதிவிடுவது. மற்றொன்று, யாரிடமும் சொல்லாமல் சுருக்கத்தில் மட்டும் 23 என்று மாற்றுவது. மீட்டிங்கில் யாராவது 31ஆம் பக்கத்தைத் திறந்தால் இரண்டு எண்கள் மோதும். அதோடு முழுத் திட்டத்தின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

சரியான வழி, திட்டத்தை எழுதியவரை அன்று மாலையே கூப்பிடுவது. "அண்ணே, 31ஆம் பக்கத்துல சந்தாவைக் கழிக்கலையா? நான் போட்டா 23 மாசம் வருது. நான் எதையாவது விட்டுட்டேனா?" அவர்களுக்குத் தெரிந்த காரணம் ஏதாவது இருக்கலாம். முதல் ஆண்டுச் சந்தா இலவசமாக இருக்கலாம். காரணம் இல்லையென்றால், இரண்டு ஆவணத்தையும் ஒன்றாகத் திருத்துங்கள். நேரம் போதவில்லையென்றால் சுருக்கத்திலேயே ஒரு வரி: "31ஆம் பக்கக் கணக்கில் சந்தா சேர்க்கப்படவில்லை. இங்கே சேர்த்திருக்கிறோம்."

படி 3: "அப்படி நடக்கலன்னா?"

மேலாளர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி இது. தவறுகள் 30ஆகக் குறையும் என்று சொல்பவர் யார்? கருவியை விற்பவர். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. ஆனால் அவருடைய எண்ணை நம்முடைய எண்ணாக எழுதக்கூடாது.

ஆகவே இன்னொரு கணக்குப் போடுங்கள். தவறுகள் 60ஆக மட்டும் குறைந்தால்? மாதம் 90 தவறுகள் மிச்சம். ஆண்டுக்கு 64,800 வெள்ளி. சந்தாவைக் கழித்தால் 40,800. பணம் திரும்ப ஏறக்குறைய 35 மாதம்.

சுருக்கத்தில் "23 மாதம்" என்று ஒரே எண்ணைத் துல்லியமாகச் சொல்வதைவிட, "23 முதல் 35 மாதம்" என்று சொல்வது நேர்மையானது. எண்ணோடு அது யாருடைய மதிப்பீடு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, வேறு வழி இல்லையா என்ற கேள்வி. இந்தத் திட்டத்தின் 22ஆம் பக்கத்தில் ஒரு மாற்றுவழி இருக்கிறது: கருவி வேண்டாம், சரிபார்க்க இரண்டு பேரை வேலைக்கு எடுப்போம். ஒருவருக்குச் சம்பளம் 2,800 வெள்ளி. 55 வயதுக்குட்பட்டவர் என்றால் முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதிப் பங்கு 17 விழுக்காடு. இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 78,600 வெள்ளி. அவர்கள் தவறுகளை 60ஆகக் குறைத்தாலும் மிச்சம் 64,800தான். செலவு வரவைத் தாண்டுகிறது. இதை ஒரு வரியில் சொன்னால் போதும். "ஆள் எடுத்தா முடிஞ்சிடுமே" என்று மீட்டிங்கில் வரும் கேள்விக்கு அது பதிலாகிவிடும்.

படி 4: எந்த இடர் பக்கத்தில் வரவேண்டும்?

திட்டத்தில் 11 இடர்கள் பட்டியலிடப்பட்டிருக்கும். தீ, திருட்டு, நாணய மாற்று விகிதம், எல்லாமே. அத்தனையையும் போட்டால் எதுவும் கண்ணில் படாது.

தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: "இது நடந்தால் மேலாளர் தம் முடிவை மாற்றிக்கொள்வாரா?" ஆம் என்றால் அது பக்கத்தில் வரவேண்டும். இல்லையென்றால் உள்ளேயே இருக்கட்டும்.

நம் கிடங்கில் அப்படி இரண்டு இருக்கின்றன. முதலாவது குளிர் அறை. அதன் சுவர்கள் உலோகத் தகடால் ஆனவை, வைஃபை சரியாக நுழையாது. குளிரிலிருந்து வெளியே வந்ததும் ஸ்கேனரின் கண்ணாடியில் ஈரம் படியும், பார்கோடு படிக்காது. கருவி வேலை செய்யவில்லையென்றால் ஊழியர் என்ன செய்வார்? பழையபடி பேனாவை எடுப்பார். சேமிப்புக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

இரண்டாவது, பொருள் பட்டியல். ஒரே பருப்புக்கு இரண்டு குறியீடு, நிறுத்தப்பட்ட பொருளுக்கு இன்னும் ஒரு குறியீடு என்று இருந்தால், கருவி தவறான தகவலைத்தான் வேகமாகச் சொல்லும். பட்டியலைச் சுத்தம் செய்யாமல் கருவியை வாங்கிப் பயனில்லை.

இங்கேதான் 36ஆம் பக்கத்தின் அருமை தெரியும். சோதனைக்குப் பிறகு விலகலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அப்படியென்றால் மேலாளர் உண்மையில் எடுக்கும் முடிவு, "120,000 வெள்ளி போகட்டுமா?" என்பது அல்ல. "35,000 வெள்ளி வரை போய்ப் பார்த்துவிட்டு, சரிவந்தால் மீதியைத் தரலாமா?" என்பது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு யோசிப்பவர் இரண்டாவதற்குத் தைரியமாகச் சரி சொல்லலாம். இவ்வளவு முக்கியமான வரி 36ஆம் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

இதோ அந்த ஒரு பக்கம்

இங்குள்ள அலுவலகங்களில் இதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். இருந்தாலும் முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. அலங்காரச் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, விஷயம் மட்டும் மிஞ்சும். நம் உதாரணத்தின் பக்கம் இது:

---

கிடங்கில் பார்கோடு முறை: ஒப்புதல் கோரிக்கை

கேட்பது: 120,000 வெள்ளிக்குச் செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் ஒப்புதல். முதல் கட்டமாக 35,000 வெள்ளி. சோதனை வெற்றி பெற்றால் மட்டுமே மீதி (பக்கம் 36).

ஏன்: மாதம் 6,000 ஆர்டர்களில் 150 தவறாகப் போகின்றன. தவறு ஒன்றுக்கு 60 வெள்ளி. ஆண்டுக்கு 108,000 வெள்ளி இழப்பு (பக்கம் 8).

என்ன செய்வோம்: தாள் பட்டியலுக்குப் பதில் 20 கைக்கருவிகள். தவறான பொருளை எடுத்தால் கருவி உடனே எச்சரிக்கும்.

செலவு: கருவிகள் 30,000, மென்பொருள் அமைப்பு 70,000, பயிற்சியும் பொருள் பட்டியல் திருத்தமும் 20,000 வெள்ளி. இவை தவிர, ஆண்டுச் சந்தா 24,000 வெள்ளி (பக்கம் 31, 33).

பலன்: சந்தா போக ஆண்டுக்கு 62,400 வெள்ளி மிச்சம், 23 மாதத்தில் முதலீடு திரும்பும். இது தவறுகள் 30ஆகக் குறையும் என்ற விற்பனையாளர் மதிப்பீட்டின்படி. 60ஆக மட்டும் குறைந்தால் 35 மாதம் ஆகும்.

மாற்றுவழி: சரிபார்க்க இருவரை நியமித்தால் ஆண்டுக்கு 78,600 வெள்ளி செலவு, 64,800 வெள்ளி மிச்சம். பரிந்துரைக்கவில்லை (பக்கம் 22).

முக்கிய இடர்கள்: குளிர் அறையில் வைஃபையும் ஸ்கேனரும் வேலை செய்யாமல் போகலாம். பொருள் பட்டியலில் இரட்டைக் குறியீடுகள் உள்ளன. சோதனைக்கு முன் பட்டியல் திருத்தப்படும். சோதனை குளிர் அறையில்தான் தொடங்கும்.

நிறுத்தும் விதி: நவம்பரில் 2 வாரச் சோதனை. அந்தப் பகுதியில் தவறுகள் 100 ஆர்டருக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் திட்டம் நிறுத்தப்படும்.

ஏன் இப்போது: பணி முடிய 12 வாரம் ஆகும். அக்டோபரில் தொடங்கினால் சீனப் புத்தாண்டு நெருக்கடிக்கு முன் முடியும். தாமதித்தால் அது முடியும்வரை காத்திருக்கவேண்டும்.

---

அவ்ளோதான். ஆங்கிலத்தில் இது 250 முதல் 300 சொற்களுக்குள் வரும். A4 தாளில் சாதாரண எழுத்தளவில், ஓரத்தில் குறிப்பெழுத இடம் விட்டே அடங்கும்.

எதை விட்டோம்?

நிறுவனத்தின் வரலாறு இல்லை. மேலாளருக்கு அது தெரியும். நான்கு விற்பனையாளர்களை ஒப்பிட்ட 6 பக்க அட்டவணை இல்லை. அதன் முடிவு மட்டும் போதும், கேட்டால் எடுத்துக் காட்டலாம். மென்பொருள் எப்படி இயங்குகிறது என்பதும் இல்லை. "செயல்திறனை மேம்படுத்தும்", "நவீனமயமாக்கும்" போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் வாக்கியம் இந்தத் திட்டத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இதில் மனம் வலிக்கும் ஒரு பகுதியும் உண்டு. திட்டத்துக்காக யாரோ மூன்று வாரம் கிடங்கில் நின்று ஒவ்வொரு தவறையும் எண்ணியிருப்பார். அந்த 5 பக்கம் சுருக்கத்தில் "மாதம் 150" என்ற ஒரே எண்ணாக மாறிவிட்டது. அவர் உழைப்பு வீணாகவில்லை. அந்த எண் மீது யாராவது சந்தேகப்பட்டால் 8ஆம் பக்கம் தாங்கிப் பிடிக்கும். அதற்குத்தான் பக்க எண் போட்டோம்.

பிழை இருக்கிறதா? மூன்று சோதனைகள்

முதல் சோதனை: முதல் இரண்டு வரியை மட்டும் வைத்து மற்றதைக் கையால் மூடுங்கள். எவ்வளவு பணம், எப்போதுக்குள், யார் முடிவெடுக்கவேண்டும் என்று தெரிகிறதா? தெரியவில்லையென்றால் வரிசை தவறு.

இரண்டாவது: திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு சக ஊழியரிடம் கொடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் தாளை வாங்கிக்கொண்டு, "நாம என்ன கேக்கிறோம்? இது சரிவரலன்னா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் உங்கள் எழுத்து குழம்பியிருக்கிறது. அவரைக் குறை சொல்லாதீர்கள். மேலாளரும் அதே இடத்தில்தான் தடுமாறுவார்.

மூன்றாவது: பக்கத்திலுள்ள ஒவ்வோர் எண்ணையும் 40 பக்கத்தில் தேடி எடுங்கள். நீங்களே கணக்கிட்ட எண் என்றால், எந்த இரண்டு எண்களிலிருந்து வந்தது என்பதைத் தனித் தாளில் குறித்து மீட்டிங்குக்குக் கொண்டுபோங்கள். "இந்த 62,400 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், 86,400லிருந்து 24,000 போக என்று உடனே சொல்ல முடியவேண்டும்.

இன்னொன்று. பக்கம் நிரம்பி வழிந்தால் எழுத்தளவை 8க்குக் குறைத்து, ஓர இடைவெளியைச் சுருக்கி, எப்படியாவது ஒரே பக்கத்தில் திணிக்கத் தோன்றும். வேண்டாம். அது ஒன்றரைப் பக்கம்தான், ஒரு பக்கம் மாதிரி வேஷம் போட்டிருக்கிறது. எழுத்தைச் சிறிதாக்காமல், இடருக்குக் கேட்ட அதே கேள்வியை ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள்: இந்த வரி இல்லையென்றால் முடிவு மாறுமா?

ஒரு பக்கத்தால் முடியாதது

சில முடிவுகளை ஒரு பக்கத்தை மட்டும் நம்பி எடுக்கக்கூடாது. ஊழியர்கள் வேலை இழக்க நேரிடும் என்றால், உயிருக்கு ஆபத்தான பாதுகாப்பு விஷயம் என்றால், கையெழுத்திட்டபின் விலகவே முடியாத ஒப்பந்தம் என்றால், மேலாளர் உள்ளே இருக்கும் பக்கங்களைப் படித்தே ஆகவேண்டும். அப்போது சுருக்கத்தின் வேலை, எந்தப் பக்கங்களைக் கட்டாயம் படிக்கவேண்டும் என்று சொல்வது. "முடிவெடுக்கும் முன் பக்கம் 34 முதல் 37 வரை படிக்கவும்" என்று ஒரு வரி எழுதத் தயங்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை 9 மணி. மேலாளர் உங்கள் பக்கத்தைப் படிக்கிறார், பேனாவால் ஒரு வரிக்கு அடியில் கோடு போடுகிறார். "நிறுத்தும் விதி" என்ற வரி. "சோதனையை யார் கணக்கெடுக்கிறது? விற்பனையாளரா, நம்ம ஆளா?"

நல்ல கேள்வி. அது 40 பக்கத்திலும் இல்லை, உங்கள் ஒரு பக்கத்திலும் இல்லை. கருவியை விற்பவரே அதற்கு மதிப்பெண்ணும் போட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. "நம்ம ஆள்தான் எண்ணணும், 8ஆம் பக்கத்துல எண்ணின அதே முறையில" என்று சொல்லி, ஓரத்தில் விட்டிருந்த இடத்தில் எழுதிக்கொள்கிறீர்கள்.

இரண்டு நிமிடத்தில் அவர் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார். 40 பக்கத்தைக் கையில் கொடுத்திருந்தால், அந்த நேரத்தில் அவர் நிறுவன வரலாற்றைத் தாண்டியிருக்கமாட்டார்.